இரண்டாம் ஷிப்ட் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் போனால் நாலைந்து சிஎன்சி லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பம்பு கம்பெனியோ வால்வு கம்பெனியோ வார்ப்பை அனுப்பும். பட்டறை அதைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும். கூலி பீஸ் கணக்கு. பகல் ஷிப்ட் நிரம்ப வேலை ஓடும்போது ஒருநாள் கம்பெனியிலிருந்து போன் வரும்: “இன்னும் ரெண்டாயிரம் பீஸ் சேர்த்துத் தர்றமுங்க. நைட் ஷிப்ட் போட்டுக்குங்க, ரேட்டு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க.”

இந்த அழைப்புக்கு உடனே ‘சரி’ சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘வேலை கூடுது, கையில காசு நிக்கலையே’ என்று திகைக்கும் பட்டறைகள் உண்டு. வேலையில் குறை இருக்காது. குறை, ‘சரி’ சொல்வதற்கு முன் போட்ட கணக்கில் இருக்கும்.

அந்தக் கணக்கு பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். வேலை வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய வாடகை, வங்கித் தவணை, சம்பளம் எல்லாம் நிலையான செலவு. பீஸுக்குப் பீஸ் ஆகும் இன்சர்ட், கூலன்ட், மின்சாரம், வண்டி வாடகை எல்லாம் மாறும் செலவு. ஒரு பீஸின் கூலியிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது பங்களிப்பு. நிலையான செலவைப் பங்களிப்பால் வகுத்தால், எத்தனை பீஸில் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்போம் என்பது வந்துவிடும். அதுதான் சமநிலைப் புள்ளி. வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் பிரேக் ஈவன் என்று போட்டிருப்பார்கள்.

ஒரு பட்டறையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நான்கு மெஷின். பீஸுக்குக் கூலி 42 ரூபாய், மாறும் செலவு 12 ரூபாய், பங்களிப்பு 30 ரூபாய். வாடகை, தவணை, மூன்று ஆபரேட்டர், ஒரு செட்டர், மற்ற செலவு எல்லாம் சேர்த்து மாதம் 2,10,000 ரூபாய். 30 ஆல் வகுத்தால் 7,000 பீஸ். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பீஸும் 30 ரூபாய் லாபம்.

பாடப்புத்தகப் படத்தில் நிலையான செலவு ஒரே மட்டத்தில் கிடைக்கோடாக ஓடும், விற்பனைக் கோடு சாய்வாக ஏறும், இரண்டு கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், அதற்கு அப்பால் எல்லாம் லாபம். ஆனால் அந்தக் கிடைக்கோடு பட்டறையின் சுவரைத் தாண்டியும் அப்படியே ஓடுவதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நம் பட்டறையில் ஒரு மெஷின் மணிக்கு 12 பீஸ் தருகிறது. டீ நேரம், ஜாப் மாற்றும் நேரம் போக ஷிப்டுக்கு ஏழரை மணி நேரம் ஓடினால் 90 பீஸ். நான்கு மெஷினுக்கு 360, மாதம் 25 நாளைக்கு 9,000. பகல் ஷிப்ட் தரக்கூடியது அவ்வளவுதான். அப்போது லாபம் 60,000 ரூபாய்.

9,001-வது பீஸ் வேண்டுமென்றால் ஆளைச் சேர்க்க வேண்டும். ஒரு பீஸுக்கு ஒரு பீஸ் அளவு ஆள் கிடைக்கமாட்டார். இரவுக்கு ஒரு செட்டர் வேண்டும், ஆபரேட்டர்கள் வேண்டும், இரவுப்படி, டீ, காவல் என்று தனிச் செலவு வேண்டும். இதெல்லாம் மாதம் 1,05,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு பீஸ் ஓட்டினாலும் அவ்வளவு, எட்டாயிரம் ஓட்டினாலும் அவ்வளவு. இப்படி ஒரு அளவு வரை அசையாமல் நின்று, அதைத் தாண்டியதும் மொத்தமாக ஒரு படி ஏறும் நிலையான செலவைப் படிநிலைச் செலவு என்கிறார்கள்.

படி ஏறியதும் மொத்த நிலையான செலவு 3,15,000 ஆகிறது. 30 ஆல் வகுத்தால் 10,500. ஆக இந்தப் பட்டறைக்குச் சமநிலைப் புள்ளி இரண்டு. 7,000-ல் ஒருமுறை நட்டத்திலிருந்து லாபத்துக்கு வருகிறது. 9,000-ஐத் தாண்டியதும் மறுபடி நட்டத்துக்குள் இறங்கி, 10,500-ல்தான் இரண்டாம் முறை வெளியே வருகிறது. மாதம் 10,000 பீஸ் ஓட்டினால் 15,000 ரூபாய் நட்டம். அதே பட்டறை 9,000 ஓட்டியபோது 60,000 லாபம் பார்த்ததை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் 10,500-ஐத் தாண்டினால் போதுமா? என் பார்வையில் முதலாளிகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘நட்டம் இல்லை’ என்பது இரண்டாம் ஷிப்டுக்குச் சரியான அளவுகோல் இல்லை. ஷிப்ட் போடாமலே 60,000 வந்துகொண்டிருந்தது. அதைவிடக் கூடுதலாக வந்தால்தான் ராத்திரி கண் விழித்ததற்கு அர்த்தம். இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். படியின் செலவை மட்டும் தனியே எடுத்து 30 ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,05,000-ஐ வகுத்தால் 3,500. இரவு ஷிப்ட் தன் சொந்தக் காலில் 3,500 பீஸ் கொண்டுவர வேண்டும். பகலின் 9,000-ஓடு சேர்த்தால் 12,500. அங்கேதான் பழைய 60,000 திரும்பக் கிடைக்கிறது. 9,001-லிருந்து 12,499 வரை எங்கே நின்றாலும், ஷிப்ட் போடாமல் இருந்தபோது வந்ததைவிடக் குறைவுதான். போனில் சொன்ன 2,000 பீஸை எடுத்தால் மொத்தம் 11,000. லாபம் 60,000-லிருந்து 15,000 ஆகச் சுருங்கும்.

அந்த 2,000-க்காகக் கம்பெனி ரேட்டையும் குறைக்கச் சொன்னால்? ‘வேலை அதிகம் தருகிறோம், 38 ஆக்குங்கள்’ என்பது சாதாரணமாக நடக்கும் பேச்சு. குறைந்த ரேட் புதிய 2,000 பீஸுக்கு மட்டும் என்று நிற்பதில்லை. பழைய 9,000-க்கும் அதுவே ரேட் ஆகிவிடும். அப்போது பங்களிப்பு 26 ரூபாய். 11,000 பீஸுக்கு 2,86,000 ரூபாய் வரும், நிலையான செலவோ 3,15,000. மாதம் 29,000 ரூபாய் நட்டம். பழைய 60,000-ஐ மீட்க இப்போது 14,400-க்கு மேல் ஓட்டியாக வேண்டும். இரண்டு ஷிப்டும் நிரம்பினால் பீஸுக்கு எவ்வளவு நிலையான செலவு விழும் என்பதை வைத்து ரேட் பேசிவிட்டு, பாதி நிரம்பிய ஷிப்டை ஓட்டும் பட்டறை இப்படித்தான் கரைகிறது.

இரவு ஷிப்ட் பகலைப் போலவே ஓடும் என்று நினைப்பதும் ஆபத்து. கடைசல் வேலையில் இன்சர்ட்டின் முனை தேயத் தேய பீஸின் அளவு மெல்ல நகரும். ஆபரேட்டர் சில பீஸுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரில் அளந்து, மெஷினில் ஆஃப்செட் திருத்த வேண்டும். பகலில் செட்டரும் தரம் பார்ப்பவரும் பக்கத்தில் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அளக்காமல் விட்டால், காலையில் ஒரு பின் நிறைய அளவு தவறிய பீஸ் இருக்கும். கூலி போவதோடு கம்பெனியின் வார்ப்புக்கும் கழிவு பிடிப்பார்கள். இதனால் இரவில் மாறும் செலவு 12-க்குப் பதில் 14 ஆனால், இரவு கொண்டுவர வேண்டியது 3,500 இல்லை, 3,750. ஆகவே இரவுக்கான மாறும் செலவைத் தனியே எழுதி வைப்பது நல்லது. பகலும் இரவும் கலந்த சராசரியில் இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பிழை கணக்குத் தாளிலேயே நடக்கும். தவணை கூடி, பகல் ஷிப்டின் நிலையான செலவே 2,85,000 ஆகிவிட்டது என்று வைப்போம். வகுத்தால் 9,500 பீஸ் என்று விடை வரும். பகலில் ஓட்ட முடிந்ததே 9,000 என்றால், அந்த 9,500 எங்கும் இல்லாத புள்ளி. பகல் ஷிப்டுக்குச் சமநிலைப் புள்ளியே கிடையாது என்றுதான் அதற்குப் பொருள். ஒவ்வொரு படிக்கும் தனியே வகுத்து, வரும் விடை அந்தப் படியின் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

படி ஏறாமல் சமாளிக்கவும் வழி உண்டு. கூடுதல் வேலை சில நூறு பீஸ்தான் என்றால் ஓவர்டைம் பார்க்கலாம். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரு மடங்கு கூலி. நம் பட்டறையில் நால்வருக்கும் சேர்த்து மணிக்கு 425 ரூபாய் சம்பளம் என்றால் ஓவர்டைமில் 850. மணிக்கு 48 பீஸ் வருவதால் பீஸுக்கு ஏறக்குறைய 18 ரூபாய் கூடுதல் செலவு. பங்களிப்பு 12 ரூபாயாகக் குறையும். ஆனாலும் படி ஏறவில்லை, அந்த 12-உம் அப்படியே லாபம். ஆனால் ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. மாதம் பத்து மணி நேரம் பார்த்தால் 480 பீஸ் வரும். 2,000 பீஸை ஓவர்டைமில் ஓட்ட நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாதாமாதம் அது நடக்காது, நடக்கவும் கூடாது.

2,000 பீஸுக்குப் பொருத்தமான வழி, பக்கத்துப் பட்டறைக்குக் கொடுப்பது. 42-க்கு வாங்கிய வேலையை 38-க்குக் கொடுத்து, வண்டிக்கும் அளவு பார்க்கவும் ஒரு ரூபாய் போனால் பீஸுக்கு 3 ரூபாய், மொத்தம் 6,000 மிஞ்சும். சின்னத் தொகைதான். ஆனால் 66,000 லாபத்தோடு நிற்கிறோம், ஷிப்ட் போட்டிருந்தால் 15,000. கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேலையை வெளியே கொடுக்கக் கூடாது என்று ஆர்டரில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படியில் ஏறுவது போல இறங்குவது சுலபமில்லை. ஆர்டர் குறைந்ததும் செட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அனுப்பினால் மறுபடி அப்படி ஒருவர் கிடைக்க மாதங்கள் ஆகும், கொடுத்த முன்பணமும் நிற்கும். அதனால் வேலை 10,000-க்கு இறங்கிய பிறகும் 3,15,000 செலவு அப்படியே ஓடும். ஏறும் காலத்திலும் இதே கதைதான். முதல் மாதம் 10,000, இரண்டாம் மாதம் 11,500, மூன்றாம் மாதம் 13,000 என்று வேலை கூடினால், முதல் இரண்டு மாதத்தில் மட்டும் பழைய லாபத்தில் 1,05,000 ரூபாய் விட்டிருப்போம். மூன்றாம் மாதத்தில்தான் கூடுதலாக 15,000 வரும். கம்பெனியிலிருந்து பணம் வருவதற்குள் இரவு ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால், இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஷிப்டைத் தொடங்க வேண்டும்.

இரவு ஷிப்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் 8,000 பீஸ் வரை ஓட்ட முடிந்தால், 17,000 பீஸில் இதே பட்டறை 1,95,000 ரூபாய் லாபம் பார்க்கும். வாடகையும் தவணையும் இரவிலும் ஓடும் செலவுதானே, மெஷினை நிறுத்தி வைப்பதில் பெருமை இல்லை. என் முடிவு இதுதான்: 42 ரூபாய் ரேட்டில் மாதம் 12,500-க்கு மேல், ஆறு மாதத்துக்காவது, பர்சேஸ் ஆர்டரில் எழுத்தாக வந்தால் ஷிப்ட் போடுங்கள். வாய்ப்பேச்சில் 2,000 என்றால் 9,000-ஓடு நின்று, மிச்சத்தை வெளியே கொடுங்கள்.