கிழமைக்கு ஒரு பருப்பு

சாம்பார், பருப்பு ரசம், கீரை மசியல், கூட்டு, பருப்புக் கடைசல் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் நம் வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். குக்கரில் குழைய வெந்த துவரம் பருப்பு. அதனால்தான் திங்கள் சாம்பார், செவ்வாய் கூட்டு என்று மாற்றி மாற்றிச் செய்தாலும் புதன்கிழமையே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மாறியிருப்பது காய் மட்டும்தான், நாக்கில் படும் பதம் மாறவில்லை.

ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிலோ துவரம் பருப்பு கிடைப்பதால் அது சமையலறையை ஆள்வது இயல்புதான். அதை ஒதுக்கத் தேவையில்லை. அடுத்தடுத்த நாள்களில் பருப்பு, பக்குவம், புளிப்பு ஆகிய மூன்றில் இரண்டாவது மாறினால் போதும், அலுப்பு வராது. பக்குவம் என்றால் குழைய வேகவைப்பது, வறுத்து அரைப்பது, ஆவியில் வேகவைத்து உதிர்ப்பது, முழுசாக வேகவைப்பது போன்றவை. புளிப்பு என்றால் புளியா, மோரா, எலுமிச்சையா, அல்லது புளிப்பே இல்லையா என்பது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தக் கணக்கில் ஒரு வாரத்தை ஓட்டிப் பார்ப்போம். திங்களன்று வழக்கமான சாம்பார். அரை டம்ளர் துவரம் பருப்பு, புளி. செவ்வாயன்று புடலங்காய்ப் பொரித்த கூட்டு. இதில் பாசிப் பருப்பு, புளி கிடையாது. பருப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்திலேயே வேகவிட வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் வெந்துவிடும். மலர்ந்து, ஆனால் கரையாமல் நிற்கும்போது காயைச் சேர்த்தால் கூட்டில் பருப்பு தனியாகத் தெரியும். குக்கரில் வைத்தால் அது மறுபடியும் நேற்றைய சாம்பாரின் பதத்துக்கே போய்விடும்.

புதனன்று பருப்புத் துவையலும் பூண்டு ரசமும். மறுபடியும் துவரம் பருப்புதான், ஆனால் வேகவைப்பதில்லை. அரை டம்ளர் பருப்பைச் சிறு தீயில் சிவக்க வறுத்து, மிளகாய், தேங்காய், கொஞ்சம் புளி சேர்த்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். தீ பெரிதானால் மேல்தோல் கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்தால் தெரியும். மொறுக்கென்று உடைந்தால் சரி, பச்சை வாடை வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வறுபட வேண்டும்.

வாரத்தின் நடுநாயகம் வியாழக்கிழமை. பீன்ஸ் பருப்பு உசிலி, தொட்டுக்கொள்ள அல்ல, பிசைந்து சாப்பிட மோர்க்குழம்பு. அரை டம்ளர் துவரம் பருப்பும் கால் டம்ளர் கடலைப் பருப்பும் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். பிறகு வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விட்டு நீரை நன்றாக இறக்க வேண்டும். நான்கு காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல், மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றி ரவை போல அரைக்க வேண்டும். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத நிலையில் எடுத்து, முழுக்க ஆறவிட்டுக் கையால் உதிர்க்க வேண்டும். அதன் பிறகே மூன்று கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்ததைப் போட்டுப் பொலபொலவென்று வரும்வரை கிளறி, தனியே வேகவைத்து நீர் வடித்த கால் கிலோ பீன்ஸைச் சேர்ப்பது.

உசிலி கெடுவது பெரும்பாலும் அரைக்கும்போதுதான். உளுந்து வடை மாவு போல நைசாக அரைத்துவிட்டால், வெந்தபின் அது ரப்பர் கட்டியாக நிற்கும், உதிராது. அப்படி ஆகிவிட்டால் நன்றாக ஆறியதும் துண்டு துண்டாகப் பிட்டு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் ஓரளவு சரியாகும். சூட்டோடு உதிர்த்தாலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பீன்ஸில் நீர் நின்றாலோ வறுத்த உசிலி முழுவதும் சொதசொதவென்று ஆகிவிடும்.

ஊறிய அதே பருப்பில் ஒரு கரண்டியை அரைக்கும் முன்பே தனியே எடுத்துவைத்தால் மோர்க்குழம்பும் முடிந்தது. அதோடு ஒரு ஸ்பூன் ஊறிய பச்சரிசி, தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி விதை சேர்த்து நைசாக அரைத்துப் புளித்த மோரில் கலக்க வேண்டும். அரைத்த அரிசியும் பருப்பும் குழம்பைக் கெட்டிப்படுத்துவதோடு மோர் திரிந்துபோகாமல் பிடித்தும் வைக்கும். ஆனாலும் கொதிக்க விடக்கூடாது. ஓரத்தில் நுரைத்து எழும்பியதும் இறக்கிவிட வேண்டும்.

வெள்ளியன்று தட்டைப்பயறு, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு. இங்கே பயறு முழுசாக இருக்க வேண்டும், ஆனால் நசுக்கினால் மாவாக வேண்டும். இரு விரலுக்கு நடுவே நசுங்கும் பதம் வந்த பிறகுதான் புளிக்கரைசல் ஊற்றலாம். புளிப்பு பட்டால் பயறின் தோலும் உள்சதையும் இறுகி, அதற்குமேல் எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. புளியே ஊற்றாமலும் வேக மறுத்தால், அது கடையில் நெடுநாள் கிடந்த பழைய சரக்கு என்று அர்த்தம்.

சனியன்று திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, பூண்டு, சீரகம், வெந்தயம், தேங்காய்த் துருவல். உளுந்தை லேசாக வறுத்துக்கொண்டால் கொழகொழப்பு அடங்கும். கூடவே எள்ளுத் துவையல். ஞாயிறன்று அடை. இரண்டு டம்ளர் புழுங்கல் அரிசி, துவரை, கடலைப் பருப்பு அரை அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர். மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, புளிக்க விடாமல் அன்றே வார்த்துவிடலாம். வயிற்றில் கனமாக நிற்கும் பலகாரம் என்பதால் இரவைவிடக் காலைக்குத்தான் பொருத்தம்.

இந்த வாரத்துக்குச் செலவான துவரம் பருப்பு மொத்தம் இரண்டு டம்ளர். தினமும் சாம்பார் வைத்தால் மூன்றரை டம்ளர் ஆகியிருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் தட்டைப்பயறும் உளுந்தும் வருகின்றன. எனவே மளிகைச் செலவு பெரிதாகக் கூடாது. கூடுவது வேலைதான், அதுவும் வியாழனன்று. இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் உசிலியை ஞாயிற்றுக்கும் அடையை வியாழன் இரவுக்கும் மாற்றிக்கொண்டு, அடையைச் சற்று மெல்லியதாக வார்க்கலாம்.

முதல் வாரம் முடிந்ததும் எந்தக் கிழமையில் பாத்திரத்தில் மீந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளை மட்டும் மாற்றினால் போதும், அதுவும் அதே பக்குவத்துக்குள். தட்டைப்பயறு போகவில்லை என்றால் அந்த இடத்தில் மொச்சையோ கறுப்புக் கொண்டைக்கடலையோ வரட்டும். சாம்பாரை மட்டும் அங்கே கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். குழைந்த பருப்புக்கு வாரத்தில் ஒரு நாள் என்று இருக்கும்வரைதான் அந்தத் திங்கட்கிழமைச் சாம்பாரை வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.