காடா துணியும் ஞாயிற்றுக்கிழமைக் கடையும்

வியாழன் இரவு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய காடா துணியை அலுவலகம் விட்டு வந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டேன். புதுக் காடாவில் கஞ்சி இருக்கும். அதை அலசாமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே பை சுருங்கி, தையல் ஓரமெல்லாம் இழுத்துக்கொள்ளும். 48 அங்குல அகலத் துணி அலசிக் காய்ந்தபின் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகும் ஒரு மீட்டருக்கு மூன்று பைகள் தேறும்.

சனி

நாள் முழுக்கக் கைப்பிடி வேலை. பை அறுவது நடுத்துணியில் அல்ல, கைப்பிடி சேரும் இடத்தில்தான். நாடாவின் நுனியை உள்ளே மடித்து, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் பாரம் ஒரே கோட்டில் இறங்காமல் பரவும்.

ஞாயிறு

ஒரு பை 120 ரூபாய். வந்த முதல் அம்மாவே கேட்டார்: "கோயம்பேட்டு மெஷின்ல பத்து ரூபா போட்டா மஞ்சப்பை வருது. நீ நூத்தி இருபது சொல்றியேம்மா?"

நியாயமான கேள்வி. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இப்போது சாதாரணத் துணிப்பை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதே பையை நானும் விற்றால் விலையில்தான் மோத வேண்டும், அதில் ஜெயிக்க முடியாது.

நின்று பேசியவர்கள் கேட்டதோ வேறு. "தக்காளி நசுங்காம கீரையத் தனியா வைக்கிற மாதிரி இருக்கா?"

திங்கள்

கணக்கு. விற்றது 9 பை, வரவு 1,080. துணி, நாடா, நூல் பைக்கு 40 வீதம் 360. கடை வாடகை 500, ஆட்டோ 150. மிச்சம் 70 ரூபாய். அந்த ஒன்பதைத் தைக்க ஆறு மணி நேரம் ஆனது. கூலியை எழுதாத கணக்கில் எல்லா வியாபாரமும் லாபமாகத்தான் தெரியும்!

அடுத்த ஞாயிறு

இம்முறை உள்ளே மூன்று அறை வைத்த காய்கறிப் பை, 180 ரூபாய். யாரும் மஞ்சப்பையோடு ஒப்பிடவில்லை. 12 போயின. பைக்கு 55 ரூபாய் பொருட்செலவு, அதே வாடகை, அதே ஆட்டோ. கழித்தால் 850. ஒரு பைக்கு ஒரு மணி நேரம், ஆக மணிக்கு எழுபது ரூபாய் சொச்சம்.

வேலையை விடும் அளவுக்கு இது வருமானமில்லை. மாதம் இரண்டு ஞாயிறு போடலாம், அவ்வளவுதான். நீங்களும் கடை போட நினைத்தால், துணி வாங்குமுன் ஒரே ஒரு பையைக் கடிகாரம் பார்த்துத் தைத்துப் பாருங்கள்.