நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு பட்டமும்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் தன் தம்பிக்கு 40,000 ரூபாய் கொடுக்கிறார், மனைவியிடம் சொல்லவில்லை. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் அது தெரியவருகிறது. தூக்கம் வராத இரவில் அவர் கைப்பேசியில் தேடுகிறார். ‘துணைவர் நார்சிசிஸ்ட் என்பதற்கான பத்து அறிகுறிகள்’ என்று ஒரு பட்டியல் கிடைக்கிறது. ஏழு பொருந்துகின்றன.

காலையில் காபி ஆறுவதற்குள், “நீங்க ஒரு நார்சிசிஸ்ட்” என்கிறார்.

“நானா? நீதான் அது!”

அந்த நிமிடமே பணம் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. ஏன் மறைத்தார் என்பது போய், அவர் யார் என்பது வழக்காகிவிட்டது. இந்த வழக்கில் அவர் என்ன செய்தாலும் சாட்சி அவருக்கு எதிராகத்தான். மறுத்தால் ‘கேஸ்லைட்டிங்’, மன்னிப்புக் கேட்டால் நடிப்பு, வாயை மூடிக்கொண்டால் அதற்கும் ஒரு பெயர். எதைச் செய்தாலும் குற்றம்தான் என்றால், மனிதர் எதற்காக உண்மையைச் சொல்லப்போகிறார்?

தன்னலமும் வீம்பும் நம் எல்லாரிடமும் கொஞ்சம் உண்டு. அது வேறு, ‘நார்சிசிஸ ஆளுமைக் கோளாறு’ வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. குறைந்தது ஐந்தாவது இருக்க வேண்டும். அதுவும் இளமையிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் நீடிக்க வேண்டும். வீட்டில் மட்டும், பணம் என்றால் மட்டும் தலைகாட்டும் குணம் அந்தக் கணக்கில் சேராது. எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்க்காமல், வாழ்க்கைத் துணை சொல்வதை மட்டும் வைத்து நல்ல மருத்துவர் யாரும் இதை முடிவுசெய்ய மாட்டார்.

பட்டம் பொருந்தாது என்பதால் மனைவியின் வலி பொய்யாகிவிடாது. அடி, மிரட்டல், ஓயாத அவமானம், செலவுக்குப் பணம் தர மறுப்பது என்றிருந்தால் உதவி கேட்க நோயின் பெயர் தேவையே இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லால் புண்படுத்துவதையும் பணத்தால் ஒடுக்குவதையும் வன்முறையாகவே பார்க்கிறது. அவர் என்ன செய்தார் என்பதுதான் அங்கே கேள்வி. 181 என்ற எண்ணிலும் அதைச் சொன்னால் போதும்.

அப்படிப்பட்ட பயம் இல்லாத வீட்டில் இதே பேச்சை வேறு மாதிரி தொடங்கலாம்: “போன வாரம் தம்பிக்கு 40,000 அனுப்பியிருக்கீங்க. நான் மெசேஜைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்னை ஒரு ஆளாவே நினைக்கலையோன்னு தோணுச்சு. இனிமே பெரிய தொகைன்னா முன்னாடியே சொல்லுங்க.”

இதில் மறுக்க எதுவுமில்லை. பதில் சொல்லத்தான் வேண்டும். “கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னு பயந்தேன்” என்று அவர் சொல்லலாம். கோபப்படவும் செய்யலாம். அடுத்த முறை தம்பி கேட்கும்போது அவர் வந்து சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். பத்து அறிகுறிப் பட்டியல் சொல்லாததை அது சொல்லிவிடும்.