சம்பாவுக்குப் பின் ஏன் உளுந்து?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் தை மாதத்தில் போனால், நெல் முற்றி நிற்கும் வயலுக்குள் உளுந்து விதைப்பதைப் பார்க்கலாம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது கதிர்களுக்கு நடுவே விதையைத் தூவிவிடுவார்கள். உழவு கிடையாது, பாத்தி கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே 65, 70 நாளில் பயிரை விளைய வைத்துவிடும். நெல் தரிசு உளுந்து என்று பெயர் பெற்ற இந்த முறை, பயிர் சுழற்சிக்கு நம் கண் முன்னே இருக்கும் நல்ல பாடம்.

தண்ணீர் கிடைத்தால் மூன்றாவது போகமும் நெல்லே போடலாமே என்று தோன்றும். போட்டால் முதலில் மகிழ்வது பூச்சிகள்தான். குருத்துப்பூச்சியின் புழு, அறுத்த பின் நிற்கும் தாளுக்குள் உயிரோடு இருக்கும். புகையானுக்கும் நெல்தான் உணவு. அடுத்த நாற்று உடனே வந்துவிட்டால் இரண்டும் இடைவெளியின்றிப் பெருகும். உளுந்துச் செடியில் இவை பிழைக்க முடியாது. அதனால் அந்த இரண்டரை மாதத்தில் இவற்றின் எண்ணிக்கை சரிகிறது. ஒரு வயலில் மட்டும் மாற்றினால் பலன் குறைவு. பக்கத்து வயலில் நெல் நின்றால் பூச்சி பறந்து வந்துவிடும். ஊரே சேர்ந்து மாற்றும்போதுதான் சங்கிலி அறுபடும்.

அடுத்தது மண். சேறாக்கித் தண்ணீர் கட்டிய வயலில் காற்று புகாது. போகத்துக்குப் போகம் அப்படியே இருந்தால் மண் இறுகிப்போகும். உளுந்து நிற்கும் காலத்தில் வயல் காய்கிறது, வெடிப்பு விடுகிறது, காற்று உள்ளே இறங்குகிறது. செடியின் ஆணிவேரும் நெல்லின் சல்லிவேர் போகாத ஆழம் வரை செல்கிறது.

மூன்றாவது, தழைச்சத்து. உளுந்தின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அது வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பூக்கும் தருணத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இதனால்தான் விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தச் சத்தெல்லாம் மண்ணுக்கே வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்குப் போய்விடும். வயலுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும்தான். செடியை வேரோடு பிடுங்கினால் அதிலும் பாதி போய்விடும். அரிவாளால் அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுவது நல்லது. காய்ந்த மண்ணில் சேர்ந்த தழைச்சத்து, அடுத்த போகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் ஓரளவு கரைந்து இறங்கும், ஓரளவு காற்றோடு போகும். ஆகவே உளுந்து போட்டோம் என்பதற்காக யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்க வேண்டாம். இலை வண்ண அட்டையை நெல்லின் இலையோடு ஒப்பிட்டு, நிறம் வெளுத்தால் மட்டும் போடுங்கள்.

இந்த முறை பிசகுவதும் உண்டு. விதைக்கும்போது மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. மாசி பாதிக்கு மேல் தள்ளிப்போனால் வெயிலில் பூ உதிரும். அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சக்கரத்தடியில் முளைகள் நசுங்குகின்றன. அதனால் ஏக்கருக்கு வழக்கமான 12 கிலோவைவிடச் சற்றுக் கூடுதலாகவே விதைக்கிறார்கள். அடியுரம் இட வழியில்லாததால் 4 கிலோ டிஏபியை முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் ஒரு ஏக்கருக்குத் தெளிப்பார்கள். இலை மஞ்சள் திட்டாக மாறினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும்.

சுழற்சியால் எல்லா நோயும் தீராது. நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்கும் பூஞ்சை உளுந்தையும் தாக்கும். உளுந்தையே ஆண்டுதோறும் போட்டாலும் வேரழுகல் மண்ணில் தங்கிவிடும். ஓர் ஆண்டு உளுந்து, மறு ஆண்டு எள், முடிந்தால் கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வயலிலும் எந்தப் போகத்தில் என்ன பயிர், என்ன நோய் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து எதைப் போடக் கூடாது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.