மார்ச் 31இல் லாபம் போய்ச் சேரும் இடம்

அண்ணாச்சி, ஆடிட்டர் கொடுத்த கணக்கில் லாபம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று இருக்கிறது, ஆனால் கேபிட்டல் போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதே என்று கேட்டீர்கள். பணத்தை வெளியாள் யாரும் எடுத்துப் போகவில்லை. ஆண்டு முடிவில் போடும் சில பதிவுகளைப் பார்த்தால் இதற்குக் காரணம் தெரியும். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை விற்கும் பல கடைகளில் இந்தப் பதிவுகளை முதலாளி கண்ணால் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான், ஆடிட்டர் இல்லை.

ஒரு சேலைக் கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். லாபத்தைத் தவிர மற்ற எண்கள் என் கற்பனை, எளிதாக இருக்கட்டும் என்று முழுத் தொகைகளாக வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரல் 1இல் கேபிட்டல் 9,00,000, சரக்கு 6,00,000. வருடம் முழுக்க விற்பனை 42,00,000. கொள்முதல் 35,50,000. அதில் கல்யாணத்துக்கும் வீட்டு விசேஷத்துக்குமாக 20,000 ரூபாய்ச் சேலை கடையிலிருந்தே எடுத்தாயிற்று. 2026 மார்ச் 31இல் இருப்பு 6,80,000.

முதல் பதிவு சரக்கைப் பற்றியது. வீட்டுக்கு எடுத்த 20,000 ரூபாய்ச் சேலை வியாபாரத்துக்கு வாங்கியது ஆகாது. அதனால் கொள்முதலில் அதைக் கழித்து, முதலாளியின் எடுப்பில் சேர்க்கிறோம். உங்கள் கடை ஜிஎஸ்டியில் சாதாரண முறையில் இருந்தால், அந்தச் சேலைக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். 5 சதவீதம் என்றால் 1,000 ரூபாய். ஆக எடுப்பு 21,000. சின்னத் தொகைதான், ஆனால் ஜிஎஸ்டி ஆய்வில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

இனி வியாபாரக் கணக்கு. ஆரம்ப இருப்பு 6,00,000, கொள்முதல் 35,30,000, இரண்டும் சேர்ந்து 41,30,000. இதில் மார்ச் 31 இருப்பு 6,80,000ஐக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 34,50,000. விற்பனையிலிருந்து இதைக் கழித்தால் மொத்த லாபம் 7,50,000. அடுத்து லாபநட்டக் கணக்கில் சம்பளம் 2,16,000, வாடகை 96,000, மின்சாரம் 30,000, வங்கி வட்டி 48,000, தேய்மானம் உட்பட மற்றவை 20,000 என 4,10,000 போகிறது. மிச்சம் நிகர லாபம் 3,40,000.

இதுவரை விற்பனை, கொள்முதல், சம்பளம், வாடகை எல்லாம் தனித்தனிக் கணக்காக இருந்தன. அவை அந்த ஒரு வருடத்துக்கானவை. மார்ச் 31 அன்று ஒவ்வொன்றையும் லாபநட்டக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்து பூஜ்யமாக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த வருடத்தின் சம்பளத்தோடு இந்த வருடத்தினதும் சேர்ந்து ஓடும். கடைசியில் லாபநட்டக் கணக்கில் நிற்கும் 3,40,000 யாருடையது? கடை தனியாள் கடை என்றால் முழுக்க உங்களுடையதுதான். எனவே லாபநட்டக் கணக்கில் பற்று, கேபிட்டல் கணக்கில் வரவு என்று ஒரு பதிவு. அதோடு எடுப்புக் கணக்கை மூடி, கேபிட்டலில் பற்று வைக்கும் இன்னொரு பதிவு. நஷ்டம் வந்திருந்தால் இவ்விரண்டில் முதலாவது தலைகீழாகும், அவ்வளவுதான்.

எடுப்பு எவ்வளவு? வீட்டுச் செலவுக்கு 2,40,000, மகள் கல்லூரிக் கட்டணம் 83,000, எல்ஐசி பிரீமியம் 36,000, சேலை 21,000. மொத்தம் 3,80,000. இப்போது கணக்குப் பாருங்கள்: 9,00,000 கூட்டல் 3,40,000 கழித்தல் 3,80,000, மிச்சம் 8,60,000. லாபம் வந்தது உண்மை. வீட்டுக்குப் போனது லாபத்தைவிட 40,000 அதிகம் என்பதும் உண்மை. கேபிட்டல் குறைந்த கதை இதுதான்.

டாலியில் கணக்கு வைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாலி லாபத்தைத் தானாகவே கணக்கிட்டு இருப்புநிலைக் குறிப்பில் காட்டிவிடும், ஆனால் கேபிட்டலுக்குத் தானாக மாற்றாது. ஜர்னல் வவுச்சரில் (F7) மார்ச் 31 தேதியிட்டு `Profit & Loss A/c`ஐப் பற்று வைத்து, கேபிட்டலை வரவு வைத்தால்தான் மாறும். மாற்றிய பிறகு அந்தத் தலைப்பின் கீழ் `Less: Transferred` என்று வரும். வராமல், நாலைந்து வருட லாபமும் நஷ்டமும் `Opening Balance` என்று குவிந்து கிடந்தால், உங்கள் கேபிட்டல் எண்ணை நம்ப வேண்டாம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு எடுப்பைச் செலவாக எழுதுவது. எல்ஐசி பிரீமியத்தை ‘இன்சூரன்ஸ்’ என்று கடைச் செலவில் சேர்ப்பார்கள். முதலாளி கட்டிய வருமான வரியையும் செலவாகப் போடுவார்கள். வருமான வரி வியாபாரச் செலவு ஆகாது என்பது சட்டமே சொல்வது. அதையும் எடுப்பாகத்தான் எழுத வேண்டும். இந்தக் கடையில் 36,000 பிரீமியத்தைச் செலவில் போட்டால் லாபம் 3,04,000 ஆகும். கேபிட்டல் மிச்சம் அதே 8,60,000தான் வரும், ஏனென்றால் எடுப்பும் அதே அளவு குறையும். அதனால்தான் இது இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் கண்ணில் படாது. செலவுத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு எதிரான தவறும் உண்டு: எடுப்பை மிகக் குறைத்துக் காட்டுவது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 3,000 என்று எழுதினால், மீதிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரி அதிகாரி கேட்பது இயல்பு. கணக்கில் வராத வருமானத்தில் குடும்பம் நடந்தது என்று முடிவெடுக்க அது ஒரு வழி.

அதைவிட ஆபத்தான பழக்கம், கணக்கு பொருந்தாதபோது வித்தியாசத்தைக் கேபிட்டலில் தள்ளி ‘புதிதாகப் போட்ட பணம்’ என்று எழுதுவது. அப்படி வந்த தொகைக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 68ஆவது பிரிவில் அதையே வருமானமாகச் சேர்ப்பார்கள், வழக்கமான விகிதத்தைவிட மிகக் கூடுதலான வரியோடு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான். நிஜமாகவே பணம் போட்டிருந்தால் பயம் வேண்டாம்: நிலம் விற்ற பத்திரம், நகை விற்ற ரசீது, கொடுத்தவரின் பான் எண், பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றை அந்தப் பதிவோடு சேர்த்து வையுங்கள். தம்பி ரொக்கமாகக் கொடுத்த கடனைக் கேபிட்டலில் எழுதுவது இரட்டைத் தவறு. அது உங்கள் பணம் இல்லை, கடன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவுக்கு அபராதம் விழலாம்.

எடுப்பு மிகுந்து கேபிட்டல் பற்று மிச்சத்துக்குப் போய்விட்டால், வங்கிக் கடனைக் கடைக்கு வாங்கி வீட்டுக்குச் செலவழித்தார் என்று வாதிட முடியும். அப்போது அந்த 48,000 வட்டியில் ஒரு பகுதியைச் செலவாக ஏற்க மறுக்கலாம். வங்கிக்காரரும் கடன் வரம்பைப் புதுப்பிக்கும்போது முதலில் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான். நம் ஊரில் ஆடித் தபசு சமயத்தில் சரக்கு வாங்க வரம்பு கூட்டிக் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சரக்கிருப்பு விஷயத்தில் ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. நிறையக் கடைகளில் சித்திரை 1இல் புதுக்கணக்குப் போடும்போதுதான் சரக்கை எண்ணுகிறார்கள். சட்டத்துக்கு மார்ச் 31 இருப்பு வேண்டும். நடுவில் இரண்டு வாரம். ஏப்ரல் 14 காலை எண்ணியதில் 6,60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 முதல் 13 வரை விற்றது 1,22,000. நம் கடையில் விற்பனையில் 82 சதவீதம் அடக்கம் என்பதால் அதன் அடக்கம் ஏறத்தாழ 1,00,000. அந்த நாட்களில் புதிதாக வந்த சரக்கு 80,000. விற்றதைக் கூட்டி, வந்ததைக் கழித்தால் மார்ச் 31 இருப்பு 6,80,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பில் எண்களோடு வைத்தால் போதும். இருப்பை அடக்க விலையிலோ, விற்றால் கிடைக்கும் விலையிலோ, எது குறைவோ அதில் போட வேண்டும். விற்பனை விலையில் போட்டால் வராத லாபம் கேபிட்டலில் ஏறிவிடும். வரியைக் குறைக்க இருப்பைக் குறைத்தால், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டோடு அது ஒத்துவராது. இரண்டையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது கேபிட்டல் கணக்கின் முழு விவரம்: தொடக்க மிச்சம், லாபம், புதிதாகப் போட்டது, ஒவ்வோர் எடுப்பும், முடிவு மிச்சம். தொடக்க மிச்சம் போன வருடக் கணக்கின் முடிவு மிச்சத்தோடு ஒரு ரூபாய்கூட மாறாமல் இருக்க வேண்டும். அது உங்கள் கணக்கு. அதன் நகல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தாக்கல் செய்த பிறகு தவறு தெரிந்தால், கெடு முடியாதிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடலாம். அதுவும் முடிந்திருந்தால், வரி கூடும் தவறுகளுக்கு மட்டும், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதத்துக்குள் கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன் உண்டு. வரி குறைய அது உதவாது. வரியே மாறாத தவறு, உதாரணமாக ஓர் எடுப்பு வேறு கணக்கில் போய் நின்றது என்றால், இந்த வருடத்திலேயே விளக்கத்தோடு ஒரு திருத்தப் பதிவு போடச் சொல்லுங்கள். மூடிய வருடத்துக்குள் முன் தேதியிட்டு நுழைந்து எதையும் மாற்றக் கூடாது. நோட்டீஸ் வந்து தொகை சேர்க்கப்பட்டால், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். உத்தரவு பிடிக்காவிட்டால் கேட்பு நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தம்பியைக் கூட்டாளியாகச் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அப்போது லாபம் ஒரே கேபிட்டலுக்குப் போகாது. கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிய விகிதப்படி இருவர் கணக்கிலும் பிரியும். 2025 ஏப்ரல் 1 முதல், கூட்டாளிக்குச் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். கையில் கொடுக்காமல் அவர் கேபிட்டல் கணக்கில் வரவு வைத்தாலும் இது பொருந்தும். லாபப் பங்குக்கு இந்தப் பிடித்தம் இல்லை. அதனால் மார்ச் 31இல் போடும் பதிவில் எது சம்பளம், எது வட்டி, எது லாபப் பங்கு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.