பாட்டு பாரதியுடையது, மெட்டு யாருடையது?

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மாமா, ஆடித் தள்ளுபடிக்காக 40 விநாடியில் ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். பின்னணியில் சினிமாவில் வந்த பாரதியார் பாட்டு ஒன்று. ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே ‘காப்புரிமைக் கோரிக்கை’ என்று மெயில் வந்துவிட்டது. உடனே எனக்குப் போன். “ஏன் மாப்ளே, பாரதியார் பாட்டை நாட்டுடைமை ஆக்கி எத்தனை வருஷமாச்சு! அதுக்கு எவன் உரிமை கேக்கறான்?”

மாமா சொன்னதில் பாதி சரி. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கியது. ஆனால் நம் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து இல்லை, மூன்று. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஸ்டுடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

2000இல் வந்த ‘பாரதி’ படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பாரதி எழுதிய பாட்டு ஒன்றை நீங்கள் பயன்படுத்தினால், வரிகளுக்கு யாரையும் கேட்க வேண்டாம். மெட்டு இளையராஜாவுடையது, அது இன்னும் பாதுகாப்பில் இருக்கிறது. ஒலிப்பதிவு 2060 முடியும்வரை அதன் உரிமையாளர் கையில். தியாகராஜர் கீர்த்தனைக்கும் இதே கணக்குதான். கீர்த்தனை எல்லோருக்கும் பொது. போன வருடம் ஒரு வித்வான் பாடி வெளியிட்ட பதிவு பொது இல்லை.

“சரி, நாமளே வேற ஆளை வெச்சுப் பாடவெச்சுட்டா?” என்றார் மாமா. ஒலிப்பதிவுச் சிக்கல் தீரும், மெட்டுச் சிக்கல் தீராது. சினிமா மெட்டிலேயே பாடினால் அதற்கு அனுமதி வாங்கத்தான் வேண்டும்.

அடுத்து அவர் எடுத்துக் காட்டியது, கடையில் பாட்டு ஒலிக்கவிடுவதற்காக வருடா வருடம் பணம் கட்டி வாங்கும் உரிமத்தை. அது கடைக்குள் வாடிக்கையாளர் காதில் விழும் பாட்டுக்கு மட்டும். படத்தோடு பாட்டைச் சேர்ப்பது தனி உரிமை. இசைத்துறையில் அதை ‘சிங்க்’ என்பார்கள். அதை மெட்டின் உரிமையாளரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் வாங்க வேண்டும். பெரும்பாலான சினிமாப் பாடல்களுக்கு இரண்டும் ஒரே இசை நிறுவனத்திடம் இருக்கும். விளம்பரத்துக்கா, எந்தத் தளத்தில், எத்தனை மாதம், எந்த நாடுகளில் என்று கேட்டுத்தான் விலை சொல்வார்கள். ஒரு ஆடித் தள்ளுபடிக்கு அது கட்டுப்படியாகாது. 30 விநாடிக்குள் போட்டால் தப்பில்லை என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

மாமாவுக்கு வந்தது தானியங்கிக் கோரிக்கை. உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலியோடு, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் யூடியூபின் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் வீடியோவின் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படலாம். சேனலுக்கு ஆபத்தில்லை. உரிமையாளர் முறைப்படி எழுதிக் கொடுத்து வீடியோவை நீக்கவைத்தால் அதுதான் ‘ஸ்ட்ரைக்’. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம்.

கடைசியில் மாமா நல்ல வழிக்கு வந்தார். பாரதி வரிகள் அப்படியே இருக்கட்டும், நம்ம ஊர்க் கீபோர்டு கலைஞர் புது மெட்டுப் போடட்டும், அவரே பதிவு செய்யட்டும் என்று பேசி, 15,000 ரூபாயும் கொடுத்துவிட்டார். காகிதத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். காசு கொடுத்துச் செய்யச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே போகும். மெட்டு அப்படியில்லை, கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை அது இசையமைத்தவருடையதுதான். அவர் நாளைக்கு எதிர்க்கடைக்கும் அதே மெட்டைக் கொடுக்கலாம். எழுதினாலும் போதாது, எதை எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாமல் எழுதினால் உரிமை 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளரைக் குறிவைத்து அதே வீடியோவை விளம்பரமாக ஓட்டினால் அந்தக் காகிதம் உதவாது.

ஒரு பக்கக் காகிதம் போதும். எந்தப் பாட்டு, மெட்டும் ஒலிப்பதிவும் சேர்த்து யாருக்கு, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை, கீழே கையெழுத்து. பாடியவர் வேறு ஆள் என்றால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பணம் கைமாறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாமா அந்தக் கையெழுத்துக்காக மூன்று மாதமாக அலைந்துகொண்டிருக்கிறார்.