‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதுவது எப்படி?

ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலையில் உள்ள ஒரு கடைவீட்டிலிருந்து மாலையில் புகை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்திற்குள் நீங்கள் முதல் செய்தியை எழுதி அனுப்ப வேண்டும். “மின்கசிவுதான் காரணம்” என்கிறார் அருகில் நிற்கும் ஒருவர். “உள்ளே ஒரு முதியவர் இருந்தாராம்” என்கிறார் மற்றொருவர். தீயணைப்பு வீரர்கள் இன்னும் நீரைப் பாய்ச்சிக் கொண்டிருக்கிறார்கள். கண்ணால் கண்டதை எழுதிவிடலாம். ஆனால், இதுவரை தெரியாததை எப்படி எழுதுவது?

நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்வின் முதல் அறிக்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் அறிக்கை சொன்னது

2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், அதிகாலை 12.41 மணிக்கு மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்.எச்.370 விமானம் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்டது. காலை 6.30 மணிக்கு அது தரையிறங்கியிருக்க வேண்டும்; தரையிறங்கவில்லை. காலை 7.24 மணிக்கு நிறுவனம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. 227 பயணிகளும் 12 பணியாளர்களும் சென்ற விமானத்துடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்றும் தேடும் பணி தொடங்கிவிட்டது என்றும் அது தெரிவித்தது.

இந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய சொல் ‘தொடர்பு துண்டிக்கப்பட்டது’ என்பதாகும். விமானம் விழுந்தது என்றோ கடத்தப்பட்டது என்றோ அறிக்கை சொல்லவில்லை. அப்போது தெரிந்தது தொடர்பு இல்லை என்பது மட்டுமே. விமானத்திற்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தச் சொல் திறந்தபடியே விட்டது. இது சரியான எழுத்து.

அதே அறிக்கையில் ஒரு தவறும் இருந்தது. தொடர்பு துண்டிக்கப்பட்ட நேரம் அதிகாலை 2.40 என்பதை ‘உறுதிப்படுத்துகிறோம்’ என்று நிறுவனம் எழுதியிருந்தது. சில நாள்களில் அந்நேரம் மாற்றப்பட்டது. விமானி கடைசியாகப் பேசியது அதிகாலை 1.19 மணிக்கு என்றும், அடுத்த சில நிமிடங்களில் விமானம் கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையிலிருந்து மறைந்தது என்றும் பின்னர் தெரிந்தது. இடைவெளி ஏறத்தாழ 80 நிமிடங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். நேரம் தவறினால் இடமும் தவறிவிடுகிறது.

அப்படியானால் நேரத்தைக் குறிப்பிடாமல் விட்டிருக்க வேண்டுமா? தேவையில்லை. “தொடர்பு துண்டிக்கப்பட்ட நேரம் அதிகாலை 2.40 என எங்களுக்குத் தகவல் கிடைத்துள்ளது, அதைச் சரிபார்த்து வருகிறோம்” என்று எழுதியிருந்தால் போதும். பின்னர் நேரம் மாறியபோது வாசகர் திகைத்திருக்க மாட்டார். எது உறுதி, எது உறுதியில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

எண்ணிக்கை சரி, அடையாளம்?

விமானத்தில் இருந்தவர்கள் 239 பேர் என்ற எண்ணிக்கை மாறவே இல்லை. ஆனால், முதலில் வெளியான பயணிகள் பட்டியலில் இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த இருவரின் பெயர்கள் இருந்தன. அவர்கள் இருவரும் விமானத்தில் ஏறவே இல்லை. அவர்களிடமிருந்து முன்னர் திருடப்பட்ட கடப்பிதழ்களைக் கொண்டு வேறு இருவர் பயணம் செய்திருந்தனர். பட்டியல் காட்டியது கடப்பிதழில் இருந்த பெயரை. இருக்கையில் அமர்ந்திருந்தவரை அன்று. ஆகவே, “பட்டியலின்படி” என்ற ஒரு சொல் இங்கே இன்றியமையாதது. தகவல் எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டுகிறது. அந்த மூலத்தில் பிழை இருந்தால், எங்கே தேட வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

வதந்தியை என்ன செய்வது?

அன்று காலை, விமானம் சீனாவின் ஒரு நகரத்தில் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது என்ற பேச்சு பரவியது. அப்படி ஒரு பேச்சு இருப்பதாகவும், அதன் உண்மையைச் சரிபார்த்து வருவதாகவும் நிறுவனம் கூறியது. பெய்ஜிங் விமான நிலையத்தில் காத்திருந்த உறவினர்களை எண்ணிப் பாருங்கள். “உறுதிப்படுத்தப்படாத தகவலின்படி விமானம் தரையிறங்கியது” என்று ஒருவர் எழுதினால், அவர்கள் காதில் விழுவது ‘தரையிறங்கியது’ என்ற சொல் மட்டுமே. “விமானம் தரையிறங்கியதாகப் பரவும் பேச்சை எந்த விமான நிலையமும் உறுதிப்படுத்தவில்லை” என்பது வேறு வாக்கியம். அதில் முடிவான வினை ‘உறுதிப்படுத்தவில்லை’ என்பதாகும். தமிழில் வாக்கியத்தின் முடிவில் நிற்கும் வினைக்கே அழுத்தம் அதிகம். அதனால், ஐயத்தை அங்கே வைக்க வேண்டும்.

தமிழில் கேள்விப்பட்டதைச் சொல்ல ‘ஆம்’ என்ற விகுதி உண்டு. ‘இருந்தாராம்’ என்றால் சொல்பவர் நேரில் காணவில்லை என்பது புரியும். எழுத்துத் தமிழில் ‘கூறப்படுகிறது’ என்போம். ஆனால், யார் கூறினார் என்பதை இவ்விரண்டும் மறைத்துவிடுகின்றன. முதல் அறிக்கையில் கூறியவரைக் குறிப்பிடுவதே நல்லது.

இல்லை என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடும் முக்கியமானது. “யாரும் காயமடையவில்லை” என்பது ஒரு முடிவு. “காயமடைந்தவர்கள் பற்றி இதுவரை தகவல் இல்லை” என்பது தேடல் முடியவில்லை என்ற உண்மை. கட்டடத்தின் உள்ளே யாரும் இன்னும் நுழையாத நிலையில், முதல் வாக்கியத்தை எழுத நமக்கு உரிமை இல்லை.

டத்தோ கிராமாட் சாலைக்குத் திரும்புவோம்

நாம் கற்பனை செய்த தீச்சம்பவத்தை இப்போது எழுதலாம்:

“டத்தோ கிராமாட் சாலையில் உள்ள ஒரு கடைவீட்டில் இன்று மாலை தீப்பிடித்தது. மாலை 5.10 மணிக்கு அழைப்பு கிடைத்ததாகத் தீயணைப்பு மீட்புப் படை அதிகாரி தெரிவித்தார். மாலை 6.00 மணி நிலவரப்படி தீ முழுமையாக அணைக்கப்படவில்லை. உள்ளே ஒருவர் இருந்திருக்கலாம் என அண்டைக் கடைக்காரர் ஒருவர் கூறினார். இதனைத் தீயணைப்புப் படை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. வீரர்கள் மேல்மாடிக்குச் சென்ற பிறகே இது தெரியவரும். தீக்கான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை.”

இதில் ‘மின்கசிவு’ என்ற சொல் இல்லை. அதைச் சொன்னவர் வெளியே நின்று புகையைப் பார்த்தவர். காரணத்தை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லை. முதியவர் பற்றிய தகவலோ இடம்பெற்றது. அந்த வீட்டை நாள்தோறும் பார்ப்பவர் அதைச் சொன்னார். ஓர் உயிர் தொடர்பான செய்தியும் அது. தெரியாத ஒவ்வொன்றுக்கும் அது ஏன் தெரியவில்லை, யார் சொன்னால் தெரியும் என்பதற்கான குறிப்பும் உள்ளது. ‘6.00 மணி நிலவரப்படி’ என்ற தொடர், மறுநாள் இச்செய்தியைப் படிப்பவருக்கும் வழிகாட்டும்.

இரவு எட்டு மணிக்கு, வீடு காலியாக இருந்தது என்று அதிகாரி அறிவித்தால், முந்தைய வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடக் கூடாது. “உள்ளே ஒருவர் இருந்திருக்கலாம் என முன்னர் குறிப்பிட்டோம், எவரும் இல்லை என்பது இப்போது உறுதியாகியுள்ளது” என்று எழுத வேண்டும். முதல் செய்தியைப் படித்துக் கவலையோடு இருப்பவருக்கு இந்த வரி தேவை.

எம்.எச்.370 விமானம் அன்றிரவு பினாங்குத் தீவின் அருகே பறந்து சென்றது. துணை விமானியின் கைப்பேசிச் சமிக்ஞையை அதிகாலை 1.52 மணிக்குப் பண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள ஒரு கோபுரம் பதிவு செய்திருந்தது. காலை 7.24 மணிக்கு அறிக்கை எழுதியவர்களுக்கு இது தெரியாது. 2018ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, விமானம் மறைந்ததற்கான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்று பதிவு செய்தது. நான்கு ஆண்டு விசாரணைக்குப் பின்னும் அவ்வாறுதான் எழுத வேண்டியிருந்தது.